புலம் தொடாத எலக்ட்ரானும் நம்ம ரெண்டு மார்க் கேள்வியும்

இ.எம்.எஃப் பேப்பர் எழுதிய எல்லோருக்கும் இந்த ரெண்டு மார்க் கேள்வி தெரிந்திருக்கும்: "வெக்டர் பொட்டென்ஷியல் என்றால் என்ன?" பதிலும் தெரியும். B = ∇ × A என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: "இது கணக்கை எளிதாக்க உதவும் ஒரு கணிதக் கருவி. இதற்கென்று தனியாக இயற்பியல் பொருள் கிடையாது." சீனியர் நோட்ஸில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படித்தான் எழுதினேன். ரெண்டு மார்க்கும் முழுசா வந்தது.

அந்தக் கடைசி வரி தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் வாதம். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி விஷயம்தான். யூடியூபில் இதைப் பற்றிப் பேசும் பல வீடியோக்கள், "அப்போ வெக்டர் பொட்டென்ஷியல்தான் உண்மை, காந்தப்புலம் சும்மா" என்கிற அளவுக்குப் போய்விடுகின்றன. அதுவும் தப்பு. சரியான பதில் இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை ஒரு வடை வடிவக் காந்தம் எப்படிக் காட்டியது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாங்க.

என்ன சோதனை?

ஒரு நீளமான சாலினாய்டு. அதில் கரண்ட் ஓடுகிறது. காந்தப்புலம் முழுக்க உள்ளே அடைபட்டிருக்கிறது, வெளியே புலம் பூஜ்ஜியம். இப்போது ஒரு எலக்ட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை சாலினாய்டுக்கு இடப்பக்கமாகவும் இன்னொன்றை வலப்பக்கமாகவும் அனுப்புகிறோம். தாண்டிப் போன பிறகு இரண்டையும் மறுபடி ஒன்று சேர்க்கிறோம். எலக்ட்ரானும் அலை என்பதால் திரையில் வெளிச்சமும் இருட்டுமாகக் குறுக்கீட்டுப் பட்டைகள் வரும். முதல் வருஷம் ஒளிக்குப் படித்த அதே யங் சோதனைதான்.

இப்போது சாலினாய்டின் கரண்டை மாற்றினால் என்ன ஆகும்? நாம் படித்தபடி எலக்ட்ரான் மேல் வரும் விசை F = qv × B. எலக்ட்ரான் போகும் வழியில் B = 0, ஆகவே விசையும் பூஜ்ஜியம். சாலினாய்டுக்குள் எவ்வளவு புலம் இருந்தாலும் வெளியே போகிற எலக்ட்ரானுக்கு அது தெரிய வழியே இல்லை. பட்டைகள் அசையக் கூடாது.

ஆனால் அசைகின்றன.

1959-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த யாக்கிர் அஹரோனோவ், டேவிட் போம் இருவரும் இதைத் தெளிவாகக் கணித்து வெளியிட்டார்கள். அதனால் இதற்கு அஹரோனோவ்-போம் விளைவு என்று பெயர். உண்மையில் பத்து வருஷம் முன்னாலேயே, 1949-இல், எரன்பர்க், சிடே என்ற இருவர் எலக்ட்ரான் ஒளியியல் பற்றிய கட்டுரை ஒன்றில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

குவாண்டம் இயக்கவியலில் எலக்ட்ரானின் அலைச் சமன்பாட்டுக்குள் வருவது B அல்ல, A. எலக்ட்ரான் ஒரு பாதையில் போகும்போது, அந்தப் பாதை நெடுக A-வைக் கூட்டினால் கிடைக்கும் அளவுக்கு அதன் அலையின் ஃபேஸ் நகர்கிறது. சாலினாய்டுக்கு வெளியே B பூஜ்ஜியமாக இருந்தாலும் A பூஜ்ஜியம் இல்லை. அது சாலினாய்டைச் சுற்றி வட்டமிடுகிறது, அதன் அளவு Φ/2πr. இடப்பக்கம் போன கற்றை அந்தச் சுழற்சியோடு சேர்ந்து போகிறது, வலப்பக்கம் போன கற்றை அதற்கு எதிராகப் போகிறது. ஆக இரண்டுக்கும் இடையில் ஒரு ஃபேஸ் வித்தியாசம் விழுகிறது:

Δφ = (e/ħ) ∮ A · dl = eΦ/ħ

Φ என்பது சாலினாய்டுக்குள் அடைபட்டிருக்கும் ஃபிளக்ஸ். இந்தச் சூத்திரத்தில் எது இல்லை என்று பாருங்க. எலக்ட்ரானின் வேகம் இல்லை. அது சாலினாய்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்பதும் இல்லை. இரண்டு பாதைகளுக்கும் நடுவில் எவ்வளவு ஃபிளக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

எவ்வளவு ஃபிளக்ஸ் வேண்டும்?

பட்டைகள் சரியாக ஒரு பட்டை தூரம் நகர Δφ = 2π ஆக வேண்டும். அதற்குத் தேவையான ஃபிளக்ஸ் h/e, அதாவது 4.14 × 10⁻¹⁵ வெபர். 20 மைக்ரான் விட்டமுள்ள ஒரு சாலினாய்டை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 3.14 × 10⁻¹⁰ சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் தேவையான புலம் வெறும் 13 மைக்ரோடெஸ்லா. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலமே 40 மைக்ரோடெஸ்லா அளவுக்கு இருக்கிறது!

இது நல்ல செய்தி, கெட்ட செய்தி ரெண்டும்தான். விளைவு சின்னதே இல்லை, கொஞ்சம் கரண்ட் கொடுத்தாலே பட்டைகள் ஓடும். ஆனால் சாலினாய்டிலிருந்து கொஞ்சம் புலம் வெளியே கசிந்தாலும், பழைய லோரன்ட்ஸ் விசையே பட்டைகளை நகர்த்திவிடும். அப்போது நாம் பார்த்தது எது என்று எப்படிச் சொல்வது? இந்த விவகாரம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இழுத்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான்.

முதல் சோதனையை பிரிஸ்டலிலேயே சேம்பர்ஸ் என்பவர் 1960-இல் செய்தார். சாலினாய்டுக்குப் பதிலாக ஒரு மைக்ரான் அளவு தடிமனே உள்ள இரும்பு இழை ஒன்றைக் கற்றைகளுக்கு நடுவில் வைத்தார். பட்டைகள் நகர்ந்தன. ஆனால் அந்த இழை ஒரே சீரான தடிமனில் இல்லை, ஒரு முனை நோக்கி மெலிந்துகொண்டே போனது. மெலியும் இடத்தில் உள்ளே இருந்த ஃபிளக்ஸ் எங்கே போகும்? ∇ · B = 0 என்பதால் அது பக்கவாட்டில் வெளியே வந்தே ஆக வேண்டும். அப்படி வெளியே வந்தால் எலக்ட்ரானைத் தொட்டிருக்கும்.

1962-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் மோலன்ஸ்டெட், பாய் இருவரும் டங்ஸ்டன் கம்பியில் 20 மைக்ரானுக்கும் குறைவான விட்டத்தில் ஒரு சாலினாய்டு சுற்றினார்கள். இவ்வளவு சின்னதாக ஏன் என்றால், பிரிந்து போகும் இரண்டு எலக்ட்ரான் கற்றைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே சில பத்து மைக்ரான்தான். கரண்டைக் கூட்டக் கூட்டப் பட்டைகள் சீராக நகர்ந்தன.

இங்கே விசைக்கும் ஃபேஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. திரையில் பட்டைகள் எல்லா இடத்திலும் வராது. இரண்டு கற்றைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதியில் மட்டும்தான் வரும். அந்தப் பகுதியை ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்க, பட்டைகளை அதில் தொங்கும் கம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்க. விசை வந்து எலக்ட்ரானைத் தள்ளினால் கற்றையே திரும்பும், ஆகவே ஜன்னலும் கம்பிகளும் சேர்ந்து நகரும். விசை இல்லாமல் ஃபேஸ் மட்டும் மாறினால் ஜன்னல் இருந்த இடத்திலேயே இருக்கும், கம்பிகள் மட்டும் அதற்குள் நகரும். அஹரோனோவ்-போம் விளைவின் அடையாளம் இந்த இரண்டாவது வகைதான்.

சந்தேகப்பட்டவர்கள் சொன்னது

1978-இல் இத்தாலியைச் சேர்ந்த போக்கியேரி, லாயிங்கர் இருவரும் "இப்படி ஒரு விளைவே கிடையாது" என்று கட்டுரை எழுதினார்கள். இதுவரை நடந்த சோதனைகளில் கசிந்த புலத்தாலேயே பட்டைகள் நகர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் தரப்பு. கேட்கப் பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் ஒரு எஞ்சினியராக யோசித்தால் அது நியாயமான கேள்வி. முடிவில்லாத நீளமுள்ள சாலினாய்டு புத்தகத்தில்தான் கிடைக்கும். நிஜ சாலினாய்டுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் வெளியே வரும் புலக்கோடு சுற்றிக்கொண்டு வந்து மறு முனையில் நுழையத்தான் செய்யும். எலக்ட்ரான் போகும் இடத்தில் அது மிகவும் பலவீனம்தான். ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

இதற்கு ஒரு பதில் நமக்கெல்லாம் தெரிந்த வடிவம்தான். முனைதான் பிரச்சினை என்றால் முனையே இல்லாமல் செய்யலாம். சாலினாய்டை வளைத்து இரண்டு முனையையும் ஒட்டினால் டொராய்டு, அதாவது மெதுவடை. புலம் வடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஒரு கற்றை வடையின் ஓட்டை வழியாகப் போகட்டும், இன்னொன்று வடைக்கு வெளியே போகட்டும். இரண்டு பாதைக்கும் நடுவில் வடையின் உடம்பு இருக்கிறது, அதற்குள் ஃபிளக்ஸ் இருக்கிறது. சாலினாய்டின் இரண்டு பக்கம் போவதும் இதுவும் ஒன்றுதான்.

ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் அகிரா தோனோமுரா குழு இதைத்தான் செய்தது. சில மைக்ரான் அளவே உள்ள பெர்மலாய் வடைகள். 1982-இல் வந்த முதல் முடிவுக்கும் எதிர்ப்பு வந்தது. வடையிலிருந்து கொஞ்சம் புலம் கசியலாமே, எலக்ட்ரானே வடைக்குள் புகுந்து வெளியே வரலாமே என்றார்கள். அதனால் 1986-இல் அதே குழு வடைக்கு ஒரு கவசம் போட்டது. பெர்மலாயைச் சுற்றி 250 நானோமீட்டர் தடிமனுக்கு நியோபியம், அதற்கு மேலே ஒரு செம்புப் பூச்சு.

நியோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழே மீகடத்தி ஆகிவிடும். மீகடத்திக்குள் காந்தப்புலம் ஓரத்தில் சுமார் 100 நானோமீட்டர் அளவுக்குத்தான் நுழைய முடியும், பிறகு வேகமாகத் தேய்ந்துவிடும். கவசம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தடிமன். உள்ளே இருக்கும் புலம் வெளியே வராது. நியோபியமும் செம்பும் சேர்ந்து எலக்ட்ரானை உள்ளே விடாமல் தடுக்கும். 150 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் கற்றை, 4.5 கெல்வினுக்குக் குளிர்ந்த வடை. அதை எலக்ட்ரான் ஹோலோகிராமாகப் பதிவு செய்து, ஓட்டைக்குள் தெரியும் பட்டைகளையும் வடைக்கு வெளியே தெரியும் பட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பல வடைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு ஃபிளக்ஸ். கிடைத்த பதிலோ இரண்டே இரண்டு. சில வடைகளில் உள் பட்டையும் வெளிப் பட்டையும் நேர்கோட்டில் சேர்ந்தன, அதாவது ஃபேஸ் வித்தியாசம் 0. மற்றவற்றில் சரியாக அரைப் பட்டை விலகி நின்றன, அதாவது π. நடுவில் வேறு எந்த மதிப்பும் இல்லை.

ஏன் 0 அல்லது π மட்டும்?

என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் முக்கியமான இடம் இதுதான். அதனால் ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

பெர்மலாயின் குறுக்கு வெட்டு 20 நானோமீட்டர் உயரம், 1 மைக்ரான் அகலம், உள்ளே புலம் 1 டெஸ்லா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஃபிளக்ஸ் 2 × 10⁻¹⁴ வெபர். இதை h/2e என்ற அளவால், அதாவது 2.07 × 10⁻¹⁵ வெபரால் வகுத்தால் சுமார் 9.67 வருகிறது. ஒவ்வொரு h/2e-க்கும் ஃபேஸ் π நகரும் என்பதால் மொத்த ஃபேஸ் 9.67π. திரையில் 2π-யின் முழு மடங்குகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு முழுப் பட்டை நகர்ந்தால் பழையபடிதான் தெரியும். 8π-யைக் கழித்தால் மிச்சம் 1.67π. நியோபியம் இன்னும் மீகடத்தி ஆகாமல் 9.2 கெல்வினுக்கு மேல் இருக்கும்போது, இப்படி ஒரு 'பொருத்தமில்லாத' மதிப்புதான் வரும்.

இப்போது குளிரவைப்போம். நியோபியம் வடை உடம்பைச் சுற்றி மூடிய குழாய் மாதிரி இருக்கிறது. மீகடத்தியால் ஆன மூடிய வளையத்துக்குள் ஃபிளக்ஸ் எந்த மதிப்பிலும் இருக்க முடியாது, h/2e-யின் முழு மடங்காகத்தான் இருக்க வேண்டும். 9.67 செல்லாது. ஆகவே நியோபியத்தின் உள் ஓரத்தில் தானாகவே ஒரு கரண்ட் ஓடி, பற்றாக்குறையைச் சேர்த்து மொத்தத்தைப் பக்கத்து முழு எண்ணான 10 ஆக்கிவிடும். ஃபேஸ் 10π. இரட்டைப்படை, ஆகவே பட்டைகள் நேராகச் சேரும். இன்னொரு வடையில் ஆரம்பத்தில் 9.2 இருந்தால் அது 9 ஆகும். ஃபேஸ் 9π, ஒற்றைப்படை, பட்டைகள் அரை தூரம் விலகும்.

இதை எதிர்ப்பக்கமிருந்து படியுங்க. ஃபிளக்ஸ் முழு எண்ணில் பூட்டிக்கொள்ள வேண்டுமானால், நியோபியத்துக்குள் ஒரு இடத்திலாவது கரண்டும் புலமும் செத்துப்போயிருக்க வேண்டும். அதாவது கவசம் உண்மையிலேயே மூடியிருக்க வேண்டும். புலம் ஓட்டை வழியே கசிந்துகொண்டிருந்தால் 0, π என்று இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது, இஷ்டத்துக்கு ஏதோ ஒரு எண் வந்திருக்கும். கவசம் வேலை செய்கிறதா என்பதற்குத் தனியாக ஒரு மீட்டர் வைக்கத் தேவையில்லை. அளந்த முடிவே அதற்குச் சாட்சி. கசிவுதான் காரணம் என்று சொன்னவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கொடுக்க முடியாது.

இதில் இயற்கை செய்த உதவி ஒன்றும் இருக்கிறது. மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடியாக ஓடுகின்றன, அதனால்தான் அளவு h/2e. பக்கத்தில் பறக்கும் கற்றையிலோ எலக்ட்ரான்கள் தனித்தனி, அவற்றின் அளவு h/e. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் '2' காரணமாகத்தான் π கிடைத்தது. மீகடத்தியிலும் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடியிருந்தால், பூட்டிய ஃபிளக்ஸ் எப்போதும் 2π-யின் மடங்கையே கொடுத்திருக்கும். எல்லா வடையிலும் பட்டைகள் நேராகவே நின்றிருக்கும். கவசம் போட்டதும் விளைவு மறைந்துவிட்டது என்று சந்தேகப்பட்டவர்கள் ஜெயித்திருப்பார்கள்!

வகுப்பில் ஒருத்தர் கட்டாயம் ஃபாரடே விதியைக் கொண்டு வருவார்: "கரண்டை மாற்றும்போது சுற்றி மின்புலம் தூண்டப்படுமே, அது தள்ளியிருக்கலாமே?" நல்ல கேள்வி. ஆனால் தோனோமுராவின் வடை நிரந்தரக் காந்தம், சோதனை நடக்கும்போது அதில் எதுவும் மாறவில்லை. 150 கிலோவோல்ட் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்துக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஒரு மீட்டர் தாண்டச் சுமார் 5 நானோசெகண்ட் போதும். படத்தில் பதிவான எந்த எலக்ட்ரானும் மாறும் ஃபிளக்ஸைப் பார்த்ததே இல்லை.

அப்போ A-தான் உண்மையா?

இங்கேதான் வீடியோக்களோடு எனக்குச் சண்டை.

A-வோடு எந்த ஒரு ∇χ-வையும் சேர்த்துக்கொள்ளலாம், B மாறாது என்று நாமே படித்திருக்கிறோம். இந்தச் சுதந்திரத்தை வைத்து ஒரு சின்ன விளையாட்டு ஆடுவோம். சாலினாய்டுக்குள் h/2e ஃபிளக்ஸ் இருக்கட்டும், மொத்த ஃபேஸ் வித்தியாசம் π. வழக்கமான வட்ட வடிவ A-வை எடுத்தால், சமச்சீரான பாதைகளில் இடப்பக்கக் கற்றைக்கு +π/2, வலப்பக்கக் கற்றைக்கு −π/2. இப்போது தகுந்த ஒரு χ சேர்த்து, இடப்பக்கப் பாதை முழுக்க A பூஜ்ஜியமாக இருக்கும்படி செய்யலாம். அப்போது இடப்பக்கக் கற்றைக்கு 0, வலப்பக்கக் கற்றைக்கு −π. வித்தியாசம் அதே π. திரையில் அதே படம்.

"சரி, எந்தக் கற்றையைத்தான் சாலினாய்டு தொட்டது?" என்று கேட்டால் பதிலே இல்லை. முதல் கணக்கில் இரண்டையும் தொட்டது, இரண்டாவது கணக்கில் வலப்பக்கத்தை மட்டும் தொட்டது. ஒரு இடத்தில் A-வின் மதிப்பு என்ன என்று எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. சர்க்யூட்டில் கிரவுண்டை எந்த நோடில் வைத்தாலும் இரண்டு நோடுக்கு நடுவில் உள்ள வோல்டேஜ் மாறாது, ஆனால் 'இந்த நோடின் வோல்டேஜ் எவ்வளவு' என்ற கேள்விக்குத் தனியாக அர்த்தம் இல்லை. அது மாதிரிதான் இதுவும்.

எந்த χ சேர்த்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது. மூடிய வளையம் முழுக்க A-வைக் கூட்டிய ∮ A · dl. சோதனை அளந்தது அதைத்தான். அதிலும் 2π-யின் முழு மடங்குகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும்தான். ஆக B மட்டும் போதாது, ஏனென்றால் எலக்ட்ரான் இருந்த இடத்தில் எல்லாம் B பூஜ்ஜியம். ஒவ்வொரு புள்ளியிலும் A என்பது தேவைக்கு மேல், ஏனென்றால் அதை நாம் இஷ்டப்படி மாற்றலாம். வளையத்தின் ஃபேஸ் மட்டும்தான் கூடாமல் குறையாமல் சரியான அளவு.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாலினாய்டின் புலம் எலக்ட்ரானை எட்டவில்லை என்று காட்டியாயிற்று. ஆனால் எலக்ட்ரானுக்கென்று ஒரு புலம் இருக்கிறது, அது சாலினாய்டை எட்டாதா? ஏதோ ஒரு மறைமுக விசை ஒரு கற்றையைக் கொஞ்சம் முந்த வைத்து, இன்னொன்றைப் பிந்த வைத்துவிட்டது என்று விளக்கப் பார்த்தவர்கள் உண்டு. 2007-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சாலினாய்டுகளைத் தாண்டிப் போகும் எலக்ட்ரானின் பயண நேரத்தையே அளந்தார்கள். அந்த விளக்கம் சொன்ன தாமதம் காணப்படவில்லை. ஆனால் எலக்ட்ரானையும் சாலினாய்டுக்குள் ஓடும் சார்ஜுகளையும் சேர்த்து ஒரே குவாண்டம் அமைப்பாகக் கணக்குப் போட்டால், பொட்டென்ஷியலே இல்லாமல் இதே ஃபேஸை வரவழைக்கலாம் என்ற வாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பட்டைகள் நகர்கின்றனவா என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. 'ஏன்' என்பதை எந்த மொழியில் சொல்வது என்பதில்தான் பேச்சு.

என்ன எழுதலாம்?

ஒரு வரிக்காக ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 'இயற்பியல் பொருள் கிடையாது' என்ற வரியை நாம் யோசித்து எழுதவில்லை, வாங்கி எழுதினோம். 1959-க்கு முன்னால் அதை எழுதியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது, லோரன்ட்ஸ் விசையை வைத்துப் பார்த்தால் அது சரிதான். 1986-க்குப் பிறகு அதே வரியை எழுதுவது, நடந்த ஒரு சோதனையை நடக்கவில்லை என்று எழுதுவதற்குச் சமம். மோட்டார் டிசைன் செய்யும்போது இந்த வித்தியாசம் நமக்குத் தேவைப்படாது, உண்மைதான். ஆனால் அதற்காகத் தப்பை எழுதிக்கொண்டே இருக்க முடியாது.

அதனால் அடுத்த செமஸ்டரில் அந்த ரெண்டு மார்க் கேள்வி வந்தால் நான் எழுதப்போவது இது: "B = ∇ × A. ஒரு புள்ளியில் A-வின் மதிப்பை அளக்க முடியாது. ஆனால் ஒரு மூடிய பாதையில் A-வின் கூட்டுத்தொகை, பாதை முழுக்க B பூஜ்ஜியமாக இருந்தாலும், எலக்ட்ரான் அலையின் ஃபேஸை மாற்றும்."

மூணு வாக்கியம், ரெண்டு மார்க்குக்குப் போதும். திருத்துகிறவர் கீ-யில் அப்படி இல்லை என்று ஒரு மார்க்கைக் குறைத்தால், பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அந்த வடையின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.